10 நாள் கச்சேரி, 10 ட்ராக் ரெக்கார்டிங்: ஹார்ட் டிஸ்க் எவ்ளோ பெருசு வாங்கினீங்க?

தவில்பிரியன்
எங்க ஊர் கோயில்ல நவராத்திரிக்கு 10 நாளும் சாயங்காலம் ரெண்டு கச்சேரி, ஒவ்வொண்ணும் மூணு மணி நேரம் போகும். இந்த தடவ தனித்தனி ட்ராக்கா எடுக்கணும்னு முடிவாயிருக்கு. பாட்டுக்கு ஒரு மைக், வயலினுக்கு ஒண்ணு, மிருதங்கத்துக்கு வலந்தலை தொப்பின்னு ரெண்டு, கடம், கஞ்சிரா, ஹால் சத்தத்துக்கு ரெண்டு, ஆக எட்டு. ரெக்கார்டர் கூடவே ஒரு ஸ்டீரியோ மிக்ஸும் எழுதும். 500 ஜிபி எக்ஸ்டர்னல் போதும்ங்கறார் கடைக்காரர், ஆனா எந்த கணக்குல சொல்றார்னு அவருக்கே தெரியல. இந்த மாதிரி எடுத்தவங்க வாங்கறதுக்கு முன்னாடி எப்படி கணக்கு போட்டீங்க, சொல்லுங்களேன்.

கேசட்காலம்
ரொம்ப யோசிக்காதீங்க தம்பி. ஸ்டீரியோ ஒரு மணி நேரம் சுமார் 600 எம்பி, நான் பல வருஷமா இந்த கணக்குலதான் ஓட்டறேன். உங்களுக்கு 10 ட்ராக்னா அஞ்சு ஸ்டீரியோ, மணிக்கு 3 ஜிபி. மொத்தம் 60 மணி நேரம், 180 ஜிபி. 256 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கினா முடிஞ்சுது வேலை.

மிக்ஸர்பக்கம்
ஐயா சொல்ற 600 எம்பி சிடி தரத்துக்கு சரிதான், அது 44.1 கிலோஹெர்ட்ஸ் 16 பிட், மணிக்கு 635 எம்பி வரும். ஆனா இன்னைக்கு கச்சேரி எடுக்கற ரெக்கார்டர் எல்லாம் பொதுவா 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட்லதான் வெச்சிருப்போம், அங்க அந்த கணக்கு உதைக்கும்.

நான் எப்பவும் ஒரு ட்ராக்குக்கு போட்டுட்டு பெருக்கிக்குவேன். ஒரு செகண்டுக்கு 48000 சாம்பிள், 24 பிட்னா ஒரு சாம்பிளுக்கு 3 பைட். 10 ட்ராக்குக்கு ஒரு மணி நேரம் இப்படி:

```
48000 × 3 × 10 × 3600 = 5184000000
```

அதாவது மணிக்கு 5.18 ஜிபி. 60 மணி நேரத்துக்கு 311 ஜிபி. 256ல ஒன்பதாம் நாள் நிக்கும்.

இதுல பல பேர் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு, வேவ் ஃபைலுக்கு சத்தமும் அமைதியும் ஒண்ணுதான். கஞ்சிராக்காரர் அன்னைக்கு வரலன்னாலும் அந்த ட்ராக்க ஆர்ம் பண்ணி விட்டா மூணு மணி நேர வெறும் அமைதிக்கும் ஒன்றரை ஜிபி போயிடும். ரெண்டு கச்சேரிக்கு நடுவுல ஸ்டாப் பண்ணாம விட்டா அதுவும் கணக்குல ஏறும். அதனால மேடைல யார் உக்காந்திருக்காங்களோ அந்த ட்ராக் மட்டும் ஆர்ம் பண்ணுங்க.

வாசல்கேமரா
எங்க அபார்ட்மெண்ட்ல நாலு கேமரா, 15 நாள் ரெக்கார்டிங் நிக்கணும்னு கேட்டதுக்கு 1 டிபி போட்டுட்டு போனாங்க, ஆறாவது நாளே பழசு அழிய ஆரம்பிச்சுது. ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ்னு செட்டிங்ல இருந்துச்சு. உங்க கச்சேரிக்கும் 2 டிபிக்கு கம்மியா வாங்காதீங்க.

மிக்ஸர்பக்கம்
சார், உங்களோடது வீடியோ, 24 மணி நேரமும் ஓடறது, அவர் கேக்கறது ஆடியோ. ஆனா உங்க கேஸும் இதே வழிதான். 4 எம்பிபிஎஸ்ங்கறது மெகாபிட், எட்டால வகுத்தா செகண்டுக்கு அரை மெகாபைட். ஒரு கேமராவுக்கு நாளைக்கு 43 ஜிபி, நாலு கேமரா 15 நாளைக்கு கிட்டத்தட்ட 2.6 டிபி. 1 டிபி ஆறாம் நாள் முடியறது சரியான கணக்குதான். பிட்டா பைட்டாங்கறதுலதான் பாதி பேர் வழுக்கறாங்க.

ஓதுவார்வீடு
நான் தேவாரம் பாடறவங்கள ஊர் ஊரா போய் எடுக்கறேன், ரெண்டே மைக். கேக்கறவங்களுக்கு அனுப்ப 192 கேபிபிஎஸ் எம்பி3யும் சேத்து வெக்கிறேன், மணிக்கு 86 எம்பிதான். அந்த 192 ரெண்டு சேனலுக்கும் சேத்து, அத திரும்ப ரெண்டால பெருக்கக் கூடாது. வேவுக்கு சேனலால பெருக்கணும், எம்பி3க்கு அதுல போட்டிருக்கற பிட்ரேட்டே மொத்தம்.

தவில்பிரியன், வாங்கறதுக்கு முன்னாடி உங்க ரெக்கார்டர்ல 10 ட்ராக்கும் ஆர்ம் பண்ணி பத்து நிமிஷம் சும்மா ஓட விட்டு ஃபைல் சைஸ் பாருங்க. மிக்ஸர்பக்கம் சொன்ன கணக்கு சரின்னா விண்டோஸ்ல எல்லாம் சேத்து 824 எம்பி காட்டணும்.

தவில்பிரியன்
பாத்துட்டேன்க்கா. 824 வரல, 1.07 ஜிபி காட்டுது! ரெண்டு தடவ எடுத்தாலும் அதேதான்.

மிக்ஸர்பக்கம்
அப்போ உங்க மிஷின் 32 பிட் ஃப்ளோட்ல எழுதுது, செட்டிங்ல பாருங்க. சாம்பிளுக்கு 4 பைட், மணிக்கு 6.9 ஜிபி, மொத்தம் 415 ஜிபி. 500 ஜிபி டிஸ்க்க விண்டோஸ் 465ன்னு காட்டும், உங்க 415 அங்க 386ஆ தெரியும். கச்சேரி அடங்கிடும், ஆனா சவுண்ட் செக்கும் எடிட்டிங் ஃபைலும் சேர்ந்தா அப்பறம் இடமில்ல.

தவில்பிரியன்
ஆமா, 32 ஃப்ளோட்தான். முதல் நாள் நாகஸ்வரம் தவில் இருக்கு, அது திடீர்னு ஏறும்போது கிளிப் ஆகக் கூடாதுன்னு அப்படியே விடலாம்னு இருக்கேன்.

கேசட்காலம்
அதுக்கு கெயின கொஞ்சம் இறக்கி வெச்சா 24 பிட்டே தாராளம் தம்பி. மைக்கே தாங்காம உடைஞ்சா எந்த ஃப்ளோட்டும் காப்பாத்தாது.

மிக்ஸர்பக்கம்
மைக் விஷயத்துல ஐயா சொல்றது உண்மை. ஆனா தனி ஆளா பத்து ட்ராக்க பாத்துட்டு கெயினும் திருப்ப முடியாது, அந்த 100 ஜிபிய நான் சந்தோஷமா குடுப்பேன்.

இன்னொண்ணு, எல்லா ட்ராக்கும் ஒரே வேவ் ஃபைலா எழுதற மோட்ல வெச்சிருந்தா, சாதா வேவ் 4 ஜிபிக்கு மேல போகாது, உங்க கணக்குல முக்கால் மணிக்கு கொஞ்சம் முன்னாடியே ஃபைல் உடையும். எங்கியோ ஒரு ஆலாபனை நடுவுல உடைஞ்சிருந்தத பாத்துட்டு மிஷின் நின்னுடுச்சுன்னு பதறின ஆள எனக்கு தெரியும். நிக்கல, அடுத்த ஃபைல் விட்ட சாம்பிள்ல இருந்தே தொடங்கும், எடிட்டர்ல ஒட்டி வெச்சா போதும். தனித்தனி மோனோ ஃபைலா வெச்சா ஒரு கச்சேரி உடையாது.

கார்டு 128 ஜிபி போட்டா 18 மணி நேரம் தாங்கும், அதாவது மூணு நாள். ஆனா தினமும் ராத்திரியே டிஸ்க்குக்கு ஏத்திடுங்க, ரெண்டு டிஸ்க்லயும். ரெண்டு 1 டிபி வாங்கறது ஒரு 2 டிபிய விட எனக்கு நிம்மதி.

ஓதுவார்வீடு
விழா முடிஞ்சப்பறம் ஃப்ளாக்கா மாத்தினா இடம் நல்லா குறையும், தரம் போகாது. பாதியாங்கறது பாட்டப் பொறுத்தது. ஆனா ஃப்ளாக் 32 ஃப்ளோட்ட ஏத்துக்காது, அதுக்கு வேவ்பேக் பாருங்க, இல்லன்னா லெவல் சரி பண்ணி 24க்கு மாத்திட்டு ஃப்ளாக் போடுங்க.

தவில்பிரியன்
ரெண்டு 1 டிபியே சொல்லிட்டேன். மிக்ஸ் முடிஞ்சதும் தனி ட்ராக்க அழிச்சிடலாம்னு கமிட்டில ஒருத்தர் சொல்றார், அடுத்த வருஷத்துக்கும் அதே டிஸ்க்னு. எனக்கு மனசு வரல. நீங்கல்லாம் எத்தன வருஷம் வெச்சிருக்கீங்க?

கேசட்காலம்
நான் மிக்ஸ் மட்டும்தான் வெப்பேன்.

மிக்ஸர்பக்கம்
நான் ஒண்ணுகூட அழிச்சதில்ல. பழைய கச்சேரில மிருதங்கத்த மட்டும் தனியா குடுங்கன்னு சிஷ்யப் பசங்க இப்பவும் கேட்டு வர்றாங்க.