லெவரேஜுக்குத் தமிழில் என்ன சொல்வது?

கு.செ., மன்னார்குடி:
வணக்கம். வணிகவியல் மாணவர்களுக்குப் பங்குச்சந்தை பற்றி ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். மார்ஜின், லெவரேஜ் என்ற இரண்டு சொற்களிலும் மாட்டிக்கொண்டேன். மார்ஜினுக்கு ‘விளிம்பு’ என்று போட்டால், எதன் விளிம்பு என்று பிள்ளைகள் கேட்பார்கள். லெவரேஜுக்கு, அதாவது கைப்பணத்தைவிடப் பெரிய தொகைக்கு வணிகம் செய்வதற்கு, ‘ஆதாயப் பெருக்கம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

சு.ந., சீர்காழி:
மார்ஜின் என்றால் மூட்டைக்கு நமக்கு நிற்கிற லாபம்தானே அம்மா? எங்கள் அரிசி மண்டியில் அப்படித்தான் சொல்வோம். ‘லாப வரம்பு’ என்று போடுங்கள், முடிந்தது.

வே., திருவாரூர்:
அது வேறு மார்ஜின் அண்ணா. இது தரகரிடம் கடன் வாங்கிப் பங்கு வாங்க நாம் கட்டுகிற பணம். ‘முன்பணம்’ போதும். விலை இறங்கினாலும் பயமில்லை, விற்காமல் வைத்திருந்தால் பழைய விலை வந்ததும் கணக்கு நேராகிவிடும்.

ரா.கு., கும்பகோணம்:
வே. தம்பி சொல்வது முழுக்கச் சொந்தப் பணத்தில் வாங்கியவனுக்குப் பொருந்தும். கடனில் வாங்கியவனுக்கு, விற்காமல் வைத்திருப்பது அவன் கையில் இல்லை. தரகர் கிளையில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். புதிதாக வருகிறவர்கள் அடிபடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கைப்பணம் 1,00,000 ரூபாய், தரகர் கடன் 3,00,000. 400 ரூபாய்ப் பங்கு 1,000 வாங்குகிறான். விலை 360 ஆகிறது. பங்கு இறங்கியது 10 சதவீதம்தான். மொத்த மதிப்பு 3,60,000, ஆனால் கடன் அதே 3,00,000. அவன் பணத்தில் மிச்சம் 60,000. கைப்பணத்தில் 40 சதவீதம் போயிற்று.

இதோடு நிற்காது. மதிப்பில் கால் பங்காவது அவன் பணமாக இருக்க வேண்டும் என்று தரகர் வைத்திருந்தால் (பங்குக்குப் பங்கு இது மாறும்), இப்போது 90,000 தேவை. 30,000 குறைகிறது. கட்டாவிட்டால் தரகரே 334 பங்கை 360க்கு விற்றுக் கடனில் வரவு வைப்பார். மிச்சம் 666 பங்கு, கடன் 1,79,760.

அடுத்த வாரமே விலை 400க்குத் திரும்புகிறது என்று வையுங்கள். அவனுக்கு நிற்பது 86,640. வாங்கிய விலை வந்தும் 13,360 நட்டம். முழுதும் மீள விலை சுமார் 420க்கு ஏற வேண்டும். கடனுக்கு அன்றாடம் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. ஆதலால் ‘ஆதாயப் பெருக்கம்’ வேண்டாம் அம்மா. தரகர் விளம்பரம் மாதிரி இருக்கிறது.

வே., திருவாரூர்:
ஐயா கணக்கைப் பார்த்ததும் என் அக்கா மகன் கதை புரிகிறது. சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, பணம் வங்கிக்கு வரக் காத்திருந்தான். காலையில் போனில் குறுஞ்செய்தி, மார்ஜின் குறைகிறது, கட்டுங்கள் என்று. நெல் பணம் வந்ததும் கட்டலாம் என்று விட்டுவிட்டான். மதியத்துக்குள் பங்கை விற்றுவிட்டார்கள். நகையை அடகு வைத்தால் ஏலத்துக்கு முன் நோட்டீஸ் அனுப்பி அவகாசம் கொடுப்பார்களே மாமா என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. ஒன்று கேட்கிறேன் ஐயா, இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்று முன்பே ஸ்டாப்லாஸ் போட்டிருந்தால் தப்பித்திருப்பானா?

ரா.கு., கும்பகோணம்:
விலை படிப்படியாக இறங்கினால் தப்பலாம். நேற்று 400இல் முடிந்த பங்கு, இரவில் கெட்ட செய்தி வந்து இன்று 280இல் திறந்தால்? 390இல் வைத்த ஸ்டாப்லாஸ், சந்தை விலை ஆர்டராக இருந்தால் 280 பக்கம்தான் விற்கும். அப்போது 1,000 பங்கின் மதிப்பு 2,80,000, கடன் 3,00,000. கைப்பணம் முழுதும் போய், மேலே 20,000 தரகருக்குக் கட்ட வேண்டும். ‘முன்பணம்’ என்ற சொல்லில் எனக்கு இதனால்தான் தயக்கம். முன்பணம் கொடுத்தவன், போனால் அதோடு போகட்டும் என்று நினைப்பான். மார்ஜினுக்கு ‘ஈட்டுப்பணம்’ என்கிறேன். லெவரேஜுக்குக் ‘கடன்பெருக்கம்’.

சு.ந., சீர்காழி:
ஈட்டுப்பணம் நன்றாக இருக்கிறது, எங்கள் ஊரில் பத்திரம் எழுதுகிறவருக்கே புரியும். ‘கடன்பெருக்கம்’ என்றால் கடன் ஏறிக்கொண்டே போகிறது என்றல்லவா படிப்பார்கள்?

கு.செ., மன்னார்குடி:
எனக்கும் அதே சந்தேகம். இன்னொன்று, பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் பியூச்சர்ஸில் யாரும் கடன் கொடுப்பதில்லையே ஐயா? ஈட்டுப்பணம் மட்டும் வைத்து முழு மதிப்புக்கு ஒப்பந்தம். அங்கேயும் லெவரேஜ் உண்டு. ‘கடன்’ ஒட்டாது.

ரா.கு., கும்பகோணம்:
சரியாகப் பிடித்தீர்கள். அங்கே நட்டம் அன்றன்றே கணக்கிலிருந்து கழியும், கடன் என்று ஒன்று இல்லை. அப்படியானால் ‘மடங்குவணிகம்’? சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2021 செப்டம்பரிலிருந்து குறைந்தபட்ச மார்ஜினை முழுதாக முன்கூட்டியே வாங்கச் சொன்ன பிறகு, பங்கில் நாள்வணிகத்துக்கு அதிகபட்சம் ஐந்து மடங்குதான் கிடைக்கிறது. எத்தனை மடங்கு என்று பேசுவது வணிகர்களுக்கும் பழக்கம்.

வே., திருவாரூர்:
‘மடங்கு’ சரி. ஆனால் ‘நாலு மடங்குவணிகம்’ என்றால் நாலு மடங்கு லாபம் என்றுதான் என் அக்கா மகன் படிப்பான்.

கு.செ., மன்னார்குடி:
ஈட்டுப்பணத்தை எடுத்துக்கொள்கிறேன். லெவரேஜை இந்தப் பதிப்பில் அப்படியே விட்டுவிட்டு, ரா.கு. ஐயாவின் 420 ரூபாய்க் கணக்கைப் பக்கத்திலேயே போடுகிறேன். வட்டியையும் சேர்த்து அந்தக் கணக்கை மறுபடி அனுப்ப முடியுமா ஐயா? ஆண்டுக்கு 15 சதவீதம், ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.