பைய தூக்கிப் பாரு

மாலினி: ஒரு உதவி வேணும். ஸ்கூல் பை விளம்பரம் எழுதறேன், 13-லேர்ந்து 17 வயசுப் பசங்களுக்கு. ஒரு போஸ்டர், 20 செகண்ட் ஆடியோ, பைல தொங்கவிடற அட்டை. எழுத்துத் தமிழ்ல கொடுத்தேன், பாடப்புத்தகம் மாதிரி இருக்குன்னு திருப்பிட்டாங்க. பேச்சுத் தமிழ்ல கொடுத்தேன், பிழையா இருக்குன்னு திருப்பிட்டாங்க.

மாலினி: முதல்ல கொடுத்தது: "தோள் வலிக்கிறதா? எடை குறைந்த எங்கள் பையைத் தூக்கிப் பாருங்கள்."
அப்புறம் கொடுத்தது: "தோளு வலிக்குதா? எட கொறஞ்ச எங்க பைய தூக்கிப் பாரு."

பெரியப்பா: முதல் வரியில் ஒரு குறையும் இல்லை. ஒற்று கூட சரியாக மிகுந்திருக்கிறது. அதையே அனுப்பு.

செந்தில் மாமா: பசங்களுக்குன்னா பசங்க பாஷைலதான் எழுதணும் மாலினி. "செம வெயிட்லெஸ் மச்சி, கெத்தா தூக்கு." முடிஞ்சுது வேலை.

கவின்: மாமா ப்ளீஸ் வேணாம் 😭

கவின்: பெரியவங்க எங்கள மாதிரி பேச ட்ரை பண்ணா ஒரு செகண்ட்ல தெரிஞ்சிடும்

சித்தி: கவின் பை ஆறே மாசத்துல தையல் விட்டுப் போச்சு. இது நல்லா உழைக்குமா மாலினி? விலை எவ்வளவு?

மாலினி: சித்தி, நான் பை விக்கல, வாசகம் கேக்கறேன் 😄

ராஜி அத்தை: இப்பதான் பார்த்தேன். கவின், ரெண்டாவது வரியை வாய்விட்டுப் படிச்சு, எங்க நின்னேன்னு சொல்லு. முன்னாடியே மனசுக்குள்ள படிச்சுப் பார்க்காதே.

கவின்: எட-ல நின்னேன் அத்தை. இடம் கம்மியான பைன்னு நெனச்சுட்டேன். அப்போ எதுக்கு வாங்கணும்?

பெரியப்பா: 'பைய' என்றால் தென்பக்கம் மெதுவாக என்று பொருள். 'பைய தூக்கிப் பாரு' என்றால் அடி பிய்ந்துவிடும், பார்த்துத் தூக்கு என்று எச்சரிப்பதாக அல்லவா ஆகிறது 😀

மாலினி: ஐயோ. இது ரெண்டும் எனக்குத் தோணவே இல்ல.

ராஜி அத்தை: எழுதினவங்களுக்குத் தோணாது, அர்த்தம் முன்னாடியே தெரியும்ல. ரேடியோவுக்கு விளம்பரம் எழுதின காலத்துல நானும் நிறைய தடவை இப்படி விழுந்திருக்கேன். விஷயம் என்னன்னா, காது ஒரு தமிழுக்குப் பழகியிருக்கு, கண்ணு இன்னொரு தமிழுக்குப் பழகியிருக்கு. 'எடை'ன்னு எழுதினாலும் படிக்கறவன் வாயில 'எட'ன்னுதான் வரப்போகுது. அதை நீ வேற எழுத்துக்கூட்டிக் கொடுத்தா, அவன் எழுத்து எழுத்தா கூட்டிப் படிக்கணும். போஸ்டரைக் கடந்து போறவன் அதுக்கெல்லாம் நிக்க மாட்டான்.

மாலினி: அப்போ முதல் வரிதானா?

ராஜி அத்தை: இல்ல. முதல் வரில வாத்தியார் குரல் எங்கேர்ந்து வருது பாரு. 'தோள்', 'எடை', 'பை' இதுலேர்ந்து வரல. 'கிறதா', 'பாருங்கள்' இந்த வால்லேர்ந்துதான் வருது. வாலை மட்டும் மாத்து. பெயர்ச்சொல், அதோட வர்ற வேற்றுமை உருபு எல்லாம் புத்தகத்துல இருக்கற மாதிரியே இருக்கட்டும்.
"தோள் வலிக்குதா? எடை குறைஞ்ச இந்தப் பையைத் தூக்கிப் பாரு."

கவின்: இது ஓகே. நிக்காம படிச்சேன்

பெரியப்பா: பாதி குதிரை, பாதி கழுதை. இது எந்த இலக்கணம் ராஜி?

ராஜி அத்தை: கதை எழுதறவங்க வெச்ச வழிதான் அண்ணா. விவரிப்பு எழுத்துத் தமிழ்ல வரும், பாத்திரம் வாயைத் திறந்தா பேச்சுத் தமிழ் வரும். அந்தப் பேச்சுலயும் முக்கால்வாசிச் சொல்லுக்குப் பழைய எழுத்துக்கூட்டுதான் இருக்கும். நீங்களும் அதைத்தானே இத்தனை வருஷமா குறை சொல்லாம படிக்கறீங்க.

செந்தில் மாமா: நானும் அதைத்தான் சொன்னேன், பேச்சுத் தமிழ்!

ராஜி அத்தை: நீங்க சொன்னதுல பாதி சரி. 'வலிக்குதா'ன்னு பாட்டியும் கேப்பாங்க, பேரனும் கேப்பான். அது நாளைக்கே பழசாகாது. 'கெத்து', 'செம' வேற கதை, அதுக்கெல்லாம் ஆயுசு கம்மி. பை கடைல ஒரு வருஷம் தொங்கும், அதுக்குள்ள கவின் கிளாஸ்ல வேற வார்த்தை வந்திருக்கும்.

கவின்: ஏற்கெனவே வந்தாச்சு. சொல்ல மாட்டேன் 😎

மாலினி: அவன் 'வந்தாச்சு'ன்னதும் ஞாபகம் வருது. போஸ்டர் தலைப்பு "புதுசா வந்துருச்சு"ன்னு வெச்சிருக்கேன். அது ஓகேவா அத்தை?

ராஜி அத்தை: அங்கதான் வட்டார வழக்கு மாட்டிக்கும். ஒரு பக்கம் வந்துருச்சு, ஒரு பக்கம் வந்திடுச்சு, தெற்க வந்துட்டு, ஈழத்துல வந்திட்டுது. எதை எழுதினாலும் மத்தவங்களுக்கு யாரோ வெளியூர்க்காரர் பேசற மாதிரி இருக்கும். எழுத்துத் தமிழுக்கு இருக்கற பெரிய சௌகரியமே இதுதான், அதுக்கு ஊர் கிடையாது. 'வந்தாச்சு' கொஞ்சம் பொதுவா இருக்கும். இல்லேன்னா வினையே வேண்டாம், "புதுசு"ன்னு விட்டுடு.

சித்தி: எனக்கு ஒண்ணு உறுத்துது. முன்னபின்ன தெரியாத கம்பெனி என் பையனை "பாரு"ன்னு சொல்றது. காசு கொடுக்கறது நாங்கதானே?

கவின்: அம்மா, "பாருங்க"ன்னா அப்பாவுக்கு பேங்க்லேர்ந்து வர்ற மெசேஜ் மாதிரி இருக்கும்

ராஜி அத்தை: ரெண்டு பேர் சொல்றதும் நியாயம். பேசறது யாருங்கறதைப் பொறுத்தது. ஆடியோல ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் பேசிக்கட்டும், அங்க 'நீ'தான் சரி, யாருக்கும் உறுத்தாது. போஸ்டர்ல கம்பெனி பேசுது. அங்க "தூக்கிப் பார்க்கலாமா?"ன்னு போடு. 'லாம்' பேச்சுலயும் அதேதான், எழுத்துலயும் அதேதான், நீயா நீங்களான்னு சொல்லவும் வேண்டாம்.

கவின்: "ஊசி போடலாமா" மாதிரி இருக்கு அத்தை

ராஜி அத்தை: 😂 சரி, அதை யோசிப்போம்.

ராஜி அத்தை: மாலினி, ஆடியோ வசனத்துல ஒண்ணு கவனி. 'நான் வாங்கினேன்'னு முழுசா எழுது. பேசறப்போ கடைசி ன் மூக்குலதான் போகும், அதுக்காக 'வாங்கினே'ன்னு எழுதிக் கொடுத்தா, நடிக்கற பையன் 'நீ வாங்கினே'ன்னு படிச்சுட்டு நிப்பான். எழுத்து சரியா இருந்தா போதும், மூக்கை அவன் பார்த்துக்குவான்.

மாலினி: எழுதிக்கிட்டேன். அட்டைக்கு "12 மாசத்துல தையல் பிரிஞ்சா மாத்தித் தர்றோம்"னு வெச்சிருக்கேன்.

பெரியப்பா: இதில் நான் விடமாட்டேன். "வாங்கிய நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் தையல் பிரிந்தால் மாற்றித் தரப்படும்."

ராஜி அத்தை: அண்ணா சொல்றது சரி. அது வாக்குறுதி, தகராறு வந்தா எடுத்துக் காட்டற வரி. எந்த நாள்லேர்ந்து 12 மாசம்னு உன் வரில இல்லவே இல்ல பாரு. ஆனா 'தரப்படும்' வேண்டாம் அண்ணா, யார் தருவாங்கன்னு தெரியல. 'மாற்றித் தருவோம்'னு முடிங்க. அதுவும் எழுத்துத் தமிழ்தான்.

பெரியப்பா: ஏற்றுக்கொள்கிறேன்.

கவின்: பெரியப்பா, ஒரு ஐடியா. மீம்ஸ்ல செந்தமிழ் போட்டா எங்களுக்குச் சிரிப்பு வரும். ராஜா வசனம் மாதிரி ஒண்ணு எழுதுங்களேன்

பெரியப்பா: "கணக்குப் புத்தகமே! உன் கர்வம் இன்றோடு ஒழிந்தது. இனி என் தோள்கள் உனக்குத் தலைவணங்கா!"

கவின்: 🔥🔥 இதையே போஸ்டர்ல போடலாம் அக்கா

செந்தில் மாமா: தோள் எப்படி தலை வணங்கும்?

மாலினி: மாமா 😄

ராஜி அத்தை: இது வேலை செய்யும், ஆனா சுத்தமா இருக்கணும். பாதி செந்தமிழா இருந்தா கிண்டல்னு தெரியாது, நிஜமாவே இப்படித்தான் எழுதுவாங்க போலன்னு நெனச்சுக்குவான்.

(மறுநாள்)

கவின்: அக்கா, அத்தை வரியை மூணு ஃப்ரெண்ட்ஸை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். யாரும் நிக்கல. ஆனா ஒருத்தன், எடை குறைஞ்சதுன்னா முன்னாடி ஜாஸ்தியா இருந்துச்சான்னு கேக்கறான்

ராஜி அத்தை: நல்ல கேள்வி. அதைப் பேச்சுத் தமிழ் தலைல கட்ட முடியாது, 'குறைந்த'ன்னாலும் கேட்டிருப்பான். மாலினி, சாயங்காலம் போன் பண்ணு.

சித்தி: விலையை யாருமே சொல்லல.