2 மி.மீ. பிராக்கெட்டுக்கு 112 ரூபாய்: எங்கே குறைப்பது?

கோவை வரைவாளர்:
வணக்கம். பம்ப் கன்ட்ரோல் பேனலுக்குள் 3 கிலோ டிரான்ஸ்ஃபார்மரைத் தாங்கும் எல் வடிவ பிராக்கெட் ஒன்று வரைந்தேன். 2 மி.மீ. சிஆர் ஷீட், அகலம் 98, கீழ்க்கால் 90, நிற்கும் கால் 66. நடுவில் இரு காலையும் இணைத்துத் தாங்கும் ஒரு கஸ்ஸெட் தகடு வெல்டிங், டிரான்ஸ்ஃபார்மருக்கு இரண்டு எம்5 டேப், மேலே பவுடர் கோட்டிங். மாதம் 300 வேண்டும். ஜாப் ஒர்க் கடையில் ஒன்றுக்கு 112 ரூபாய் வாங்குகிறார்கள். மேனேஜர் 80-க்குள் கொண்டுவரச் சொல்கிறார். டிசைனில் எதை மாற்றினால் உண்மையில் விலை குறையும்?

பர்ச்சேஸ் பிரிவு:
ஷீட் மெட்டலில் பணம் இரும்பில்தான் இருக்கிறது. முதலில் 2 மி.மீ.-ஐ 1.6 ஆக்குங்கள், எடையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அப்புறம் கிலோ ரேட்டைப் பேசிக் குறைக்கலாம். மற்றதெல்லாம் சில்லறை.

மடிப்புக்காரர்:
சார் சொல்வது பெரிய பாகங்களுக்குச் சரி. இந்த அளவு பிராக்கெட்டில் இரும்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் பேசலாம். தம்பி, கடைக்காரரிடம் விலையைப் பிரித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். டிராயிங்கில் நிற்கும் காலின் ஓட்டைகள் மடிப்பிலிருந்து எவ்வளவு தூரம், என்ன டாலரன்ஸ் என்பதையும் சொல்லுங்கள்.

கோவை வரைவாளர்:
கேட்டேன் அண்ணா, தந்தார்கள். இரும்பு 24, லேசர் கட்டிங்கும் பிசிர் எடுப்பதும் 14, மடிப்பு 6, மடித்த பிறகு டிரில் 12, கஸ்ஸெட்டும் வெல்டிங்கும் கிரைண்டிங்கும் 26, டேப் 6, பவுடர் கோட்டிங் 14, மீதி 10 அவர்கள் லாபம்.

பேனலில் மாட்டும் ஓட்டைகள் 6.5 மி.மீ. கீழ் ஜோடி, மடிப்பின் வெளிமுகத்திலிருந்து மையம் வரை 8 மி.மீ. மேல் ஜோடி அதற்கு 40 மேலே. எல்லா அளவுக்கும் கூட்டல் கழித்தல் 0.1. அது எங்கள் டிராயிங் ஷீட்டிலேயே அச்சடித்து வரும். டிரில் எதற்கு என்று எனக்கே புரியவில்லை. நான் லேசரில் வெட்டும் ஓட்டையாகத்தான் வரைந்தேன்.

மடிப்புக்காரர்:
அந்த 12 ரூபாயை நீங்கள்தான் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். 8 மி.மீ.யில் மையம் என்றால் ஓட்டையின் விளிம்பு வெளிமுகத்திலிருந்து 4.75-ல் இருக்கிறது. தகடு 2, உள் ரேடியஸ் சுமார் 2. ஆக வளைவு 4 மி.மீ.யில்தான் முடிகிறது. இடையில் முக்கால் மி.மீ. மட்டும் மிச்சம். பஞ்ச் இறங்கும்போது அந்தப் பக்கம் இழுபட்டு ஓட்டை முட்டை வடிவமாகிவிடும். கடைக்காரருக்கு இது தெரியும். அதனால் தட்டையாக வெட்டும்போது அந்த இரண்டு ஓட்டைகளை விட்டுவிட்டு, மடித்த பிறகு ஜிக்கில் வைத்து வெளிப்பக்கத்திலிருந்து டிரில் போடுகிறார். உள்பக்கத்திலிருந்து போட முடியாது, கீழ்க்கால் டிரில் சக்கில் இடிக்கும்.

நாங்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு இது. ஓட்டை விளிம்பு உள்முகத்திலிருந்து தகட்டுக் கனத்தைப் போல இரண்டு மடங்கும் ரேடியஸும் சேர்ந்த தூரமாவது தள்ளி இருக்க வேண்டும். உங்களுக்கு அது 6 மி.மீ. மையத்தை 8-லிருந்து 13-க்குக் கொண்டுபோனால் உள்முகத்திலிருந்து விளிம்பு வரை 7.75 வருகிறது. லேசரிலேயே வெட்டிவிடலாம், டிரில் மொத்தமாகப் போய்விடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். 8 மி.மீ.யில் எம்6 போல்ட் போட்டால் உள்முகத்துக்கு 6 மி.மீ. தூரம், வாஷரின் பாதி அகலமும் 6. வாஷர் வளைவின் மேல் ஏறி உட்காரும், ஸ்பேனரும் நுழையாது. உங்கள் அசெம்பிளி ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கோவை வரைவாளர்:
அசெம்பிளியில் கேட்டேன். ஆறு மாதமாக வாஷரை ஒரு பக்கம் கிரைண்டரில் தேய்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. 13-க்கு மாற்றினால் டிரான்ஸ்ஃபார்மர் 5 மி.மீ. கீழே இறங்கும், அதற்கு இடம் இருக்கிறது.

டூல் ரூம்:
இவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? பிரஸ் டூல் செய்துவிடுங்கள். பிளாங்கிங், பியர்சிங், ஃபார்மிங் எல்லாம் சேர்ந்து ஒரு தட்டுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. ஒன்றரை லட்சத்துக்கு நல்ல டூல் செய்யலாம். ஒரு எலக்ட்ரிக்கல் பாக்ஸ் கிளாம்புக்கு நாங்கள் செய்த டூல் நான்கு மாதத்தில் போட்ட பணத்தை எடுத்துவிட்டது. நாளுக்கு 300 என்றால் லேசரில் வெட்டுவது வீண்.

மடிப்புக்காரர்:
நாளுக்கு இல்லை நண்பரே, மாதத்துக்கு 300. வருஷத்துக்கு 3,600. ஒன்றரை லட்சத்தை அதில் வகுத்தால் முதல் வருஷம் ஒன்றுக்கு 42 ரூபாய் டூலுக்கே போகும்.

டூல் ரூம்:
ஆமாம், தவறாகப் படித்துவிட்டேன். அப்படியானால் டூல் வேண்டாம். ஆனால் வருஷம் இருபதாயிரத்தைத் தாண்டினால் திரும்பக் கணக்குப் போடுங்கள். இன்னொன்று, டிசைன் இன்னும் மாறிக்கொண்டிருக்கும்போது டூல் போடவே கூடாது. இப்போது ஓட்டை 5 மி.மீ. நகர்ந்ததே, டூலில் அது பெரிய செலவு.

மடிப்புக்காரர்:
டாலரன்ஸுக்கு வருகிறேன். ஒரே முகத்தில் ஓட்டைக்கு ஓட்டை 0.1 கேளுங்கள், லேசர் தரும், கூடுதல் காசு இல்லை. மடிப்பைத் தாண்டி 0.1 கேட்காதீர்கள். தகட்டின் கனம் ரோலுக்கு ரோல் மாறும், மடித்த தகடு கொஞ்சம் திரும்பி நிமிரும் ஸ்பிரிங் பேக்கும் மாறும். ஒரு டிகிரி தப்பினால் 90 மி.மீ. காலின் நுனி ஒன்றரை மி.மீ. விலகிவிடும். மடிப்பிலிருந்து ஓட்டைக்கு 0.5 என்று எழுதுங்கள். அதற்கு மேல் நுணுக்கம் வேண்டுமென்றால் ஓட்டையை நெடுக்கு ஸ்லாட் ஆக்குங்கள், லேசருக்கு ஸ்லாட்டும் ஓட்டையும் ஒன்றுதான். உங்கள் டிராயிங் ஷீட்டில் அச்சடித்த 0.1-ஐப் பார்த்ததும் கடைக்காரர் ஒவ்வொரு துண்டையும் ஹைட் கேஜில் வைக்க வேண்டுமே என்றுதான் விலை போட்டிருப்பார்.

அப்புறம் கஸ்ஸெட். 26 ரூபாய் இதில்தான் இருக்கிறது. இது தேவையா என்று யாராவது கணக்குப் பார்த்தீர்களா?

கோவை வரைவாளர்:
இல்லை. பழைய பிராக்கெட்டில் இருந்தது, அப்படியே எடுத்துக்கொண்டேன்.

மடிப்புக்காரர்:
3 கிலோ என்றால் 30 நியூட்டன். மடிப்பிலிருந்து 50 மி.மீ.யில் நிற்கிறது என்று வைத்தால் மடிப்பில் வரும் அழுத்தம் சதுர மி.மீ.க்கு 23 நியூட்டன். சாதாரண சிஆர் தகடு நிரந்தரமாக வளைய இதைப்போல ஐந்தாறு மடங்காவது வேண்டும். கஸ்ஸெட் இல்லாமலே தாங்கும்.

கஸ்ஸெட்டை எடுத்தால் வெல்டிங்கும் கிரைண்டிங்கும் போகும். வெல்டிங் போனால் துத்தநாகம் பூசிய ஜிபி ஷீட்டுக்கு மாறலாம். இப்போது சிஆர் துருப்பிடிக்கும் என்பதால்தான் பவுடர் கோட்டிங். அந்த 14 ரூபாயில், எம்5 மரையில் பவுடர் ஏறாமல் ஒவ்வொன்றிலும் பிளக் சொருகி எடுக்கிற கூலியும் சேர்ந்திருக்கிறது. ஜிபி போட்டால் அதுவும் இல்லை. லேசர் வெட்டிய விளிம்பில் துத்தநாகம் இருக்காது, ஆனால் 2 மி.மீ. விளிம்பை இரு பக்கத்துப் பூச்சும் ஓரளவு காக்கும். பேனலுக்குள் இருக்கும் பிராக்கெட்டுக்கு அது போதும்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். ஒரு பிராக்கெட்டை எத்தனை முறை கையில் எடுத்து வைக்கிறார்கள் என்று எண்ணுங்கள். டிரில், வெல்டிங், கிரைண்டிங், பிளக் என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் எடுத்து, செய்து, கீழே வைக்கிறார். காசு அங்கேதான் போகிறது.

ஓசூர் டிசைனர்:
இதில் எனக்கு உடன்பாடில்லை. 23 நியூட்டன் என்பது அசையாமல் நிற்கும் சுமைக்கு. பேனல் லாரியில் ஏறி நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் போகிறது. அந்தக் குலுக்கலில் சுமை பல மடங்காகும், அதுவும் ஆயிரக்கணக்கான முறை மேலும் கீழும். நான் ஒரு பேட்டரி சார்ஜர் பிராக்கெட்டில் இதே மாதிரி கஸ்ஸெட்டை எடுத்தேன். கணக்கில் எல்லாம் சரியாக இருந்தது. முதல் லாட்டிலேயே சைட்டில் இறக்கும்போது நான்கில் மடிப்போரம் விரிசல். அங்கே உள் ரேடியஸ் 0.5 கேட்டிருந்தோம் என்பதும் உண்மை, அவ்வளவு கூர்மையாக மடித்தால் அங்கேயே விரிசல் தொடங்க இடம் கிடைக்கிறது.

வெல்டிங் வேண்டாம் என்பது சரி. அதற்குப் பதிலாக இரு பக்கமும் 12 மி.மீ. ஓரத்தை மடித்து நிறுத்தலாமே? விறைப்பு பல மடங்கு கூடும்.

மடிப்புக்காரர்:
ரேடியஸ் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். 0.5 என்பது பல நேரம் கணினியில் மாற்றாமல் விட்ட எண். எங்கள் கடையில் 12 மி.மீ. வி டையில் மடித்தால் ரேடியஸ் தானாக 2 பக்கம் வரும். அதையே டிராயிங்கில் எழுதினால் டூல் மாற்றவும் வேண்டாம், விரிசலும் வராது.

ஓரம் மடிப்பது நல்ல யோசனை. ஆனால் இரண்டு மடிப்பு கூடும், மூலையில் ரிலீஃப் வெட்ட வேண்டும், தகட்டின் அகலமும் கூடும். வெல்டிங்கைவிட மலிவுதான், ஒன்றும் இல்லாததைவிட விலை அதிகம். 3 கிலோவுக்கு அது வேண்டாம் என்பதுதான் இன்னும் என் எண்ணம்.

பர்ச்சேஸ் பிரிவு:
இரும்பை நீங்கள் யாரும் தொடவே இல்லை. கனத்தைக் குறைக்க வேண்டாம் என்றால் ஷீட்டில் எத்தனை வருகிறது என்றாவது பாருங்கள். 2500-க்கு 1250 ஷீட்டில் உங்கள் பிராக்கெட் எத்தனை?

கோவை வரைவாளர்:
விரித்த நீளம் 152.4, அகலம் 98. துண்டுகளுக்கு இடையில் 5, சுற்றிலும் 10 விட்டுப் பார்த்தேன். 1250 பக்கத்தில் 7, நெடுக்கில் 24, மொத்தம் 168. எட்டாவது வரிசைக்குக் கொஞ்சம்தான் இடிக்கிறது. நிற்கும் காலை 66-லிருந்து 62 ஆக்கினால் 8 வரிசை வந்து 192 ஆகிறது. ஓட்டைகளை நகர்த்திய பிறகும் மேல் ஓட்டையின் மையத்துக்கு மேலே 9 மி.மீ. இருக்கிறது. 49 கிலோ ஷீட், ஒன்றுக்கு 292 கிராமிலிருந்து 256 கிராம்.

பர்ச்சேஸ் பிரிவு:
அதைத்தான் சொன்னேன். 4 மி.மீ.யில் ஏழில் ஒரு பங்கு கூடுதல் துண்டு.

மடிப்புக்காரர்:
இதை ஒப்புக்கொள்கிறேன், நல்ல கணக்கு. ஆனால் கடைக்காரர் ஷீட் கணக்கில் காசு கேட்கிறாரா, துண்டின் எடையிலா என்று முதலில் கேளுங்கள். நாங்கள் மிச்சத்தில் வேறு ஆர்டரின் சின்னத் துண்டுகளை வெட்டிவிடுவோம். அப்படிச் செய்யும் கடையில் உங்களுக்கு அந்த 36 கிராமுக்கான 3 ரூபாய் குறையாது, 4 மி.மீ. தகட்டின் காசு மட்டும்தான் குறையும்.

கோவை வரைவாளர்:
ஷீட் கணக்குதான் என்கிறார்கள். டிரில் இல்லாமல், கஸ்ஸெட் இல்லாமல், 62 உயரத்தில், ஜிபியில் கேட்டேன். 63 ரூபாய் சொல்கிறார்கள். ஓரம் மடித்தால் 74. மேனேஜருக்கு இரண்டுமே சரி.

இரண்டிலும் பத்துப் பத்து வரவழைத்து, டிரான்ஸ்ஃபார்மரோடு பேனலில் மாட்டி, எங்கள் டெலிவரி லாரியில் இரண்டு நடை அனுப்பப் போகிறேன். எம்5 டேப் இன்னும் உறுத்துகிறது. 2 மி.மீ. தகட்டில் இரண்டரை மரைதான் கிடைக்கிறது. தகட்டில் அழுத்திப் பதிக்கும் கிளிஞ்ச் நட் போடலாமா?

ஓசூர் டிசைனர்:
சர்வீஸுக்கு வரும் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் போடுங்கள். மூன்று முறை கழற்றி மாட்டினால் இரண்டரை மரை நிற்காது.

மடிப்புக்காரர்:
நட் அழுத்துவதும் ஒரு முறை கையில் எடுத்து வைப்பதுதான். சாதாரண ஓட்டை விட்டு, கீழே நட்டும் வாஷரும் போட அசெம்பிளியில் கை நுழையுமா என்று முதலில் பாருங்கள் தம்பி. லாரியில் போய் வந்ததும் மடிப்போரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள், விரிசல் இருந்தால் கண்ணுக்கு முன்னால் நகத்துக்குத் தெரியும்.