விளைவளவா, இலக்கு வேறுபாடா? ஒரு கலைச்சொல் விவாதம்

மாதுங்காவிலிருந்து, பிசியோதெரபி முதுகலை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். லோக்கல் ரயிலில் நின்றபடியே தினமும் போய்வருகிறவர்களின் கழுத்து வலிக்கு ஒரு புதிய பயிற்சி முறையைச் சோதிக்கப் போகிறேன். ஒரு குழுவுக்கு வழக்கமான பயிற்சி, இன்னொன்றுக்குப் புதியது. ஆறு வாரம் கழித்து 0 முதல் 10 வரை வலி எவ்வளவு என்று கேட்போம். இந்த இரண்டையும் ஒப்பிட்ட முன் ஆய்வு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

எத்தனை பேர் வேண்டும் என்று பார்க்க G*Power என்ற மென்பொருளைத் திறந்தால், Effect size d என்ற பெட்டியில் 0.5 ஏற்கெனவே இருக்கிறது. வழிகாட்டியும் "மீடியம் போட்டுக்கொள்" என்றார். இருபக்கச் சோதனை, பொய்யாக வேறுபாடு காணும் வாய்ப்பு 5 விழுக்காடு, உண்மையான வேறுபாட்டைப் பிடிக்கும் திறன் 80 விழுக்காடு என்று கொடுத்தேன். குழுவுக்கு 64 பேர் வந்தது. 0.8 போட்டால் 26. 0.2 போட்டால் 394. எதை எடுப்பது?

நோயாளிகளில் பாதிப்பேர் தமிழர்கள் என்பதால் ஒப்புதல் படிவத்தைத் தமிழிலும் எழுதுகிறேன். "நடுத்தர விளைவு அளவு கருதி 128 பேர்" என்று எழுதி அம்மாவிடம் காட்டினேன். "அப்போ நடுத்தரமாத்தான் குணமாகுமா?" என்று கேட்டார். வேறு சொல் உண்டா?

முலுண்டிலிருந்து, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:

அம்மா, நான் புள்ளியியல் படித்தவன் இல்லை. ஆனாலும் மும்பை போன்ற கோடிப்பேர் வாழும் ஊரில் சின்ன அளவு போதுமா? பெரிய அளவையே எடுங்கள். ஆய்வு பெரிதாக இருந்தால்தான் மதிப்பு.

செம்பூரிலிருந்து, மருத்துவப் புள்ளியியல் கற்பிப்பவர்:

முலுண்ட் ஐயா சொன்னது தலைகீழ். பெரிய "விளைவு அளவு" எடுத்தால் ஆய்வு சிறுக்கும், 26 பேரோடு முடிந்துவிடும். ஊரின் மக்கள்தொகைக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. ஆனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். "மாதிரி அளவு" என்கிறோம், "விளைவு அளவு" என்கிறோம். ஒரே வாக்கியத்தில் இரண்டு அளவு வந்தால் யாருக்கும் இப்படித்தான் படும்.

d என்பது இரு குழுக்களின் சராசரிக்கு நடுவே உள்ள வேறுபாடு, திட்டவிலக்கத்தில், அதாவது எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவில், எத்தனை மடங்கு என்பதுதான். 0.2, 0.5, 0.8 என்ற மூன்று படிகளைக் கொடுத்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கோஹன். 15 வயதுப் பெண்களுக்கும் 16 வயதுப் பெண்களுக்கும் உள்ள உயர வேறுபாட்டைச் சிறியதற்கு உதாரணமாகக் காட்டினார். 14-க்கும் 18-க்கும் உள்ளது நடுத்தரம், 13-க்கும் 18-க்கும் உள்ளது பெரியது. உயரத்தை வைத்துப் பிடிகிடைக்கச் செய்த உதாரணம் அது. கழுத்து வலிக்கு எது போதுமான குணம் என்று அது சொல்லாது.

மனக்கணக்காக இதை வைத்துக்கொள்ளலாம், குழுவுக்கு எத்தனை பேர் என்று:

```
n = 16 / d²
```

கீழே இருப்பது வர்க்கம். d பாதியானால் ஆள் நான்கு மடங்கு. உங்களுக்கு 26-ம் 394-ம் வந்தது அதனால்தான்.

தாணேயிலிருந்து, மருந்தாளுநர்:

முன் ஆய்வு இல்லையென்றால் எப்போதும் 0.2 எடுப்பதுதான் பாதுகாப்பு என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். சின்ன வேறுபாட்டையே பிடிக்கிற வலையில் பெரியது தப்பாதே. இல்லையென்றால் பத்துப் பத்துப் பேரை வைத்து முன்னோட்ட ஆய்வு செய்து, அதில் வருகிற d-ஐப் போடலாம்.

செம்பூர்:

வலை உவமை சரி. ஆனால் வலைக்கு விலை உண்டு. மாணவியிடம் வாரத்துக்கு எத்தனை பேர் வருவார்கள்? ஆறு என்று வைத்தால் 788 பேருக்கு 131 வாரம், இரண்டரை வருடம். அத்தனை பேரை அலையவைத்துக் கண்டுபிடிப்பது, வலியில் யாருக்கும் உறைக்காத அரைப்புள்ளி வேறுபாடாக இருக்கலாம்.

முன்னோட்டத்தில் வரும் d-ஐ நம்ப வேண்டாம். பத்துப் பத்துப் பேரில் 0.5 கிடைத்தால், அதன் 95 விழுக்காடு இடைவெளி ஏறக்குறைய -0.4 முதல் 1.4 வரை போகும். எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. வழிமுறை ஓடுகிறதா, ஆட்கள் கடைசிவரை நிற்கிறார்களா என்று பார்க்க முன்னோட்டம் நல்லது.

டோம்பிவிலியிலிருந்து, உளவியல் விரிவுரையாளர்:

என் அனுபவம் ஒன்று. மூன்று குழு ஒப்பீட்டில் "நடுத்தரம் 0.5" என்ற நினைப்பில் அதே எண்ணைப் போட்டேன். அந்தப் பெட்டியில் இருந்தது d அல்ல, பல குழு ஒப்பீட்டுக்கான f. f-இல் நடுத்தரம் 0.25, 0.4 வந்தாலே பெரியது. மொத்தம் 159 பேர் வேண்டிய இடத்தில் நாற்பதை ஒட்டி முடித்துவிட்டேன். ஒன்றும் நிரூபணமாகவில்லை. விளைவே இல்லையா, நான் பார்க்கத் தவறினேனா என்று இன்றுவரை சொல்ல முடியவில்லை. அதனால் தமிழில் "சிறு, நடு, பெரு" என்று மட்டும் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். எண்ணும் எழுத்தும் கூடவே வரவேண்டும்.

மாதுங்கா:

வாரத்துக்கு ஆறு பேர் சரியான கணக்குதான் ஐயா. பழைய பதிவேட்டிலிருந்து, ஆறு வாரம் முடித்த 80 பேரின் வலி எண்களை எடுத்தேன். திட்டவிலக்கம் 2.5. மூத்த தெரபிஸ்டுகள் மூவரிடம், "வழக்கமானதைவிட எவ்வளவு கூடக் குறைந்தால் புதியதற்கு மாறுவீர்கள்?" என்று கேட்டேன். இருவர் 1 புள்ளி என்றார்கள், ஒருவர் ஒன்றரை.

செம்பூர்:

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 1-ஐ 2.5-ஆல் வகுத்தால் d = 0.4, குழுவுக்கு 100 பேர். ஒன்றரை என்றால் 0.6, குழுவுக்கு 45. நான் 1 புள்ளியை எடுப்பேன், ஏனென்றால் அதற்கே மாறுவோம் என்று இருவர் சொல்கிறார்கள். ஐந்தில் ஒருவர் பாதியில் நின்றுவிடுவார் என்று கொண்டால் 125, மொத்தம் 250 பேர். வாரம் ஆறு பேர் வீதம் 42 வாரம். ஒரு வருடத்துக்குள் சேர்த்துவிடலாம். திட்டவிலக்கம் 3 என்று வந்துவிட்டால், நின்றுவிடுகிறவர்களைச் சேர்க்காமலே குழுவுக்கு 144 பேர் வேண்டும், அதையும் முன்மொழிவில் ஒரு வரியாகச் சொல்லிவிடுங்கள்.

உண்மை வேறுபாடு 1 புள்ளியாக இருந்து நீங்கள் குழுவுக்கு 64 பேரோடு நின்றிருந்தால், அதைப் பிடிக்கும் வாய்ப்பு 62 விழுக்காடுதான். 26 பேர் என்றால் முப்பதுக்கும் கீழே. இன்னொன்று: 26 பேரில் குறைந்தது 1.4 புள்ளி தெரிந்தால்தான் முடிவு "பொருளுள்ளது" என்று வரும். ஆக, அப்படி வெளிவருகிற எண் உண்மையைவிடப் பெரிதாகவே இருக்கும். அடுத்து வருகிற மாணவர் அதை "முன் ஆய்வு" என்று நம்பி இன்னும் சின்ன ஆய்வு செய்வார்.

சொல்லுக்கு வருகிறேன். ஆய்வுக்கு முன் நாம் தேர்ந்துகொள்வதும் பின் கிடைப்பதும் ஒன்றல்ல. முன்னதற்கு "இலக்கு வேறுபாடு". புள்ளியிலேயே சொல்லலாம், "இலக்கு வேறுபாடு 1 புள்ளி" என்று. அதைத் திட்டவிலக்கத்தால் வகுத்து வரும் d-க்கு "வேறுபாட்டு மடங்கு". பின் கிடைப்பதற்கும், உடன்தொடர்புக் கெழு r, f எல்லாம் சேர்ந்த பொதுப்பெயராகவும் "விளைவளவு" இருக்கட்டும்.

டோம்பிவிலி:

முதல் இரண்டும் சம்மதம். "விளைவளவு" உறுத்துகிறது ஐயா. ஆண் பெண் மதிப்பெண் வேறுபாட்டுக்கும் d கணக்கிடுகிறோம், அங்கே எது எதன் விளைவு? என் மாணவர்கள் உடனே காரணம் தேடப் போய்விடுகிறார்கள். "வேறுபாட்டளவு" என்றால் என்ன?

செம்பூர்:

உடன்தொடர்புக் கெழுவும் இந்தக் குடும்பம்தானே, அதில் வேறுபாடு எங்கே இருக்கிறது? எனக்கும் விளைவளவு முழுத் திருப்தி இல்லை. பொதுப்பெயரைத் திறந்தே வைப்போம்.

மாதுங்கா:

படிவத்தை மாற்றிவிட்டேன்: "புதிய பயிற்சி வழக்கமானதைவிட வலியை 1 புள்ளியாவது கூடுதலாகக் குறைத்தால் அதைத் தவறவிடக்கூடாது என்பதற்காக 250 பேரைச் சேர்க்கிறோம்." அம்மா படித்துவிட்டு, "ஒரு புள்ளி குறைஞ்சா ராத்திரி தூக்கம் வருமா?" என்று கேட்டார். தெரபிஸ்டுகளைக் கேட்டேன், நோயாளிகளைக் கேட்கவில்லை. நாளை பதிவேட்டில் உள்ள பத்துப்பேருக்குப் போன் செய்கிறேன். அவர்கள் 2 என்றால் குழுவுக்கு 26 போதும். அப்படி வந்தால் யார் சொல்வதை எடுப்பது, ஐயா?