ஒரே கறை, இரண்டு படங்கள்: ஆய்விதழுக்கு எழுதிய அனுபவங்கள்

ஆய்வகத் தூசி

2021-இல் நடந்தது. வாரந்தோறும் ஒரு கட்டுரையைப் படித்துப் பேசும் வழக்கம் எங்கள் ஆய்வகத்தில் உண்டு. அந்த வாரம் என் முறை. ஒரு தாவரச் சாறு புற்றுச் செல்களில் என்ன செய்கிறது என்ற கட்டுரை. திரையில் பெரிதாகக் காட்டுவதற்காகப் படங்களைத் தனித்தனியாக வெட்டி வைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் வெஸ்டர்ன் பிளாட் படங்கள், சவ்வில் புரதங்கள் பட்டைகளாகத் தெரிபவை. இரண்டாம் படத்தில், ஒப்பீட்டுக்காக வைக்கும் ஆக்டின் என்ற புரதத்தின் வரிசையில், மூன்றாவது பட்டையின் வலது ஓரத்தில், மிளகளவு ஒரு கறை. ஐந்தாம் படத்தின் ஆக்டின் வரிசையிலும் அதே அளவில் ஒரு கறை இருந்தது. ஆனால் அங்கே இரண்டாவது பட்டையின் இடது ஓரத்தில்.

நான்கு பட்டைகள் கொண்ட வரிசையை இடம் வலமாகத் திருப்பினால் மூன்றாவது இரண்டாவதாகும், வலது இடதாகும். வயிறு கலங்கியது.

முதலில் கண்ணை நம்பவில்லை. PDF-ஐத் திரையில் பெரிதாக்கிப் படம் பிடிப்பதை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் படத்தை அப்படியே வெளியே எடுத்தேன்:

```
pdfimages -all paper.pdf fig
```

பிறகு ஃபிஜி மென்பொருளில் ஒன்றைத் திருப்பி (`Image > Transform > Flip Horizontally`), இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தேன். `Process > Image Calculator`-இல் `Difference` என்று இருக்கும். வேறு வேறு படங்களாக இருந்தால் பட்டைகளின் ஓரங்கள் பேய் மாதிரி வெள்ளையாக எஞ்சி நிற்கும். இங்கே ஏறக்குறைய முழுக் கறுப்பு. பட்டைகள் மட்டுமல்ல, பின்னணியில் இருந்த மங்கலான புள்ளிகளும் சேர்ந்தே மறைந்துவிட்டன. பட்டைகள் தற்செயலாக ஒத்துப்போகலாம், அழுக்கு ஒத்துப்போகாது.

என் நெறியாளரிடம் காட்டினேன். “நமக்கெதற்கு வம்பு?” என்றார். இரண்டு மாதம் சும்மா இருந்தேன். அதற்குமேல் முடியவில்லை.

வால்பாறை

தம்பி, ஆக்டின் வரிசை இரண்டு படங்களில் ஒன்றாக இருந்தாலே மோசடிதான். நானும் இப்படி ஒன்றைப் பார்த்தேன். வெளிச்சத்தைக் கூட்டியபோது ஒவ்வொரு பட்டையைச் சுற்றியும் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் தெரிந்தன. வெட்டி ஒட்டியதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? உடனே ஆய்விதழுக்கு எழுதினேன், கட்டுரையாசிரியர்களின் துறைத் தலைவருக்கும் ஒரு பிரதி. இதுவரை பதில் இல்லை. எல்லோரும் ஒரே கூட்டம்.

பழைய துணையாசிரியை

வால்பாறை ஐயா, கோபித்துக்கொள்ள வேண்டாம். உயிரியல் ஆய்விதழ் ஒன்றில் ஆறு ஆண்டுகள் இருந்தேன், உங்கள் கடிதம் போல் பல என் மேசைக்கு வந்திருக்கின்றன. இரண்டு இடங்களில் அவசரப்பட்டுவிட்டீர்கள்.

அந்தக் கட்டங்கள் பெரும்பாலும் JPEG செய்யும் வேலை. அந்தச் சேமிப்பு முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சதுரங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. இருண்ட பட்டை உள்ள சதுரத்தில் இரைச்சல் தங்கும், பக்கத்து வெறும் சதுரம் சுத்தமாகிவிடும். மாறுபாட்டை ஏற்றினால் பட்டையைச் சுற்றிப் பெட்டி வைத்தது போலவே தெரியும். எல்லாப் பட்டைகளைச் சுற்றியும் பெட்டி இருக்கிறதா, அதன் ஓரங்கள் எட்டின் மடங்கில் விழுகின்றனவா என்று பாருங்கள். அப்படி இருந்தால் கையை எடுத்துவிடலாம். ஒரே ஒரு பட்டையைச் சுற்றி மட்டும், கட்டக் கோடுகளோடு பொருந்தாமல் ஒரு விளிம்பு ஓடினால்தான் யோசிக்க வேண்டும்.

அடுத்தது, ஒரே ஆக்டின் வரிசை இரண்டு இடங்களில் வருவது முறையாகவும் நடக்கும். ஒரே சவ்வை ஒரு புரதத்துக்குப் பார்த்துவிட்டு, கழுவி, இன்னொரு புரதத்துக்கும் பார்ப்பார்கள். அப்போது இரண்டுக்கும் ஆக்டின் ஒன்றுதான். அதைப் படக்குறிப்பில் சொல்லாதது ஒழுங்கீனம், மோசடி அல்ல. தூசி சொல்லும் கட்டுரையில் இரண்டு படங்களும் ஒரே செல் வகையா?

ஆய்வகத் தூசி

இல்லை மேடம். இரண்டாம் படம் மார்பகப் புற்றுச் செல், ஐந்தாம் படம் நுரையீரல் செல். ஒரே சவ்வாக இருக்க வழியே இல்லை. சவ்வைத் திருப்பிப் போட்டுவிட்டோம் என்று சொல்லவும் இடமில்லை.

இன்னொன்றும் உண்டு. அதே குழு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளியிட்ட கட்டுரையைப் புரட்டியபோது, அதே கறையோடு அதே வரிசை. ஆனால் அங்கே அதன் பெயர் ஆக்டின் அல்ல, GAPDH என்ற வேறொரு புரதம். ஆக்டினின் எடை 42 கிலோடால்டன், மற்றது 37-க்கு அருகில். ஒரே பட்டை இரண்டு புரதமாக இருக்க முடியாது.

பழைய துணையாசிரியை

அப்படியானால் எழுத வேண்டிய விஷயம்தான். கடிதத்தை எப்படி எழுதினீர்கள்?

ஆய்வகத் தூசி

முதல் வரைவு நான்கு பக்கம். “அப்பட்டமான மோசடி”, “அறிவியலுக்கு இழைத்த துரோகம்” எல்லாம் இருந்தன. நல்லவேளையாக ஒரு சீனியர் அக்கா படித்துவிட்டுச் சிரித்தார். “நீ பார்த்தது படத்தை. அவர்கள் மனதையா பார்த்தாய்?” என்று கேட்டு, எல்லாவற்றையும் அடித்துவிட்டார். கடைசியில் போனது ஏறக்குறைய இதுதான்:

“மேற்கண்ட கட்டுரையின் 2ஆ படத்தில் உள்ள ஆக்டின் வரிசையும், 5இ படத்தில் உள்ள ஆக்டின் வரிசையும், ஒன்றை இடவலமாகத் திருப்பினால், எதிர்பார்க்கும் அளவைவிட அதிகமாக ஒத்திருப்பதாகத் தோன்றுகிறது. இவை வேறு வேறு செல் வகைகளைக் குறிப்பதாகப் படக்குறிப்பு சொல்கிறது. ஒத்த இடங்களை அம்புக்குறியிட்டு இணைத்துள்ளேன். வெட்டப்படாத மூலப் படங்களைக் கட்டுரையாசிரியர்களிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டுகிறேன். கட்டுரையாசிரியர்கள் எவரோடும் எனக்குத் தொடர்போ போட்டியோ இல்லை. என் பெயரை அவர்களிடம் வெளியிட வேண்டாம்.”

இணைப்பு ஒரே பக்கம். மாற்றம் செய்யாத படங்கள் மேலே, திருப்பிய படம் கீழே, எந்த நாளில் எந்தப் பதிப்பைத் தரவிறக்கினேன் என்ற குறிப்பு. முதன்மை ஆசிரியருக்கும், பதிப்பகத்தின் ஆய்வு நேர்மைப் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சல். பழைய கட்டுரை வேறு ஆய்விதழில் வந்தது என்பதால் அங்கே தனிக் கடிதம், இதைப் பற்றிய குறிப்போடு.

எண்கணக்கன்

படத்தில் மட்டும்தானா? எண்களிலும் கண்டுபிடிக்கலாம். ஒரு கேள்வித்தாள் ஆய்வு. 23 பேர், 1 முதல் 5 வரை முழு எண்ணில் பதில், சராசரி 3.45 என்று போட்டிருந்தார்கள். 79-ஐ 23-ஆல் வகுத்தால் 3.43. 80-ஐ வகுத்தால் 3.48. நடுவில் எதுவுமே வராது! 3.45 என்பது இருக்கவே முடியாத எண். நிக் பிரவுனும் ஜேம்ஸ் ஹெதர்ஸும் கிரிம் என்று பெயரிட்ட சோதனை இது. தரவு புனைந்தது என்று நேரடியாக எழுதிவிட்டேன்.

பழைய துணையாசிரியை

கணக்கு சரி. ஆனால் அந்த 3.45 ஒரே கேள்வியின் சராசரியா, பல கேள்விகளின் சராசரியா?

எண்கணக்கன்

நான்கு கேள்விகள் சேர்ந்த அளவுகோல் என்று முறைப் பகுதியில் இருந்தது. அதனால் என்ன?

பழைய துணையாசிரியை

அப்படியானால் வகுக்க வேண்டியது 23-ஆல் அல்ல, 92-ஆல். 317-ஐ 92-ஆல் வகுத்துப் பாருங்கள்.

எண்கணக்கன்

3.4457… 3.45. ஐயோ.

இன்றைக்கே ஆய்விதழுக்கு எழுதி அந்தக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அதே அட்டவணையில் ஒற்றைக் கேள்விக்கான வரிசைகள் இரண்டு இருக்கின்றன, அவையும் பொருந்தவில்லை. யாராவது பதில் சொல்லாமல் விட்டிருந்தாலும் இப்படி ஆகுமா?

பழைய துணையாசிரியை

ஆகும். 22 பேர் பதில் சொல்லி, தலைப்பில் 23 என்று இருந்தாலே போதும். அதையே கேள்வியாகக் கேளுங்கள்: “இந்த வரிசைக்கு எத்தனை பேர் பதில் அளித்தார்கள்?”

புதியவன்

அக்கா, அண்ணாமார்களே, ஒரு சந்தேகம். என் ஆய்வேட்டில் எல்லா பிளாட் படங்களுக்கும் வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறேன். நானும் மாட்டிக்கொள்வேனா? கருத்துத்திருட்டு சோதனையில் 11 சதவீதம்தான் வந்தது.

ஆய்வகத் தூசி

அந்தச் சதவீதம் எழுத்துக்கு மட்டும், படத்தை அது பார்ப்பதில்லை. முழுப் படத்துக்கும் ஒரே அளவில் கூட்டினாய் என்றால் பயம் வேண்டாம், மங்கலான பட்டை ஒன்று மறைந்துபோகும் அளவுக்கு ஏற்றாதே. மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக வைத்திரு.

மூன்றாம் ஆசிரியன்

நான் மறுபக்கத்தில் இருந்தவன். எங்கள் கட்டுரையில் ஒரே நுண்ணோக்கிப் படம் இரண்டு கட்டங்களில் வந்துவிட்டதாக, வெளியான கட்டுரைகளை விமர்சிக்கும் பப்பியர் தளத்தில் யாரோ போட்டார்கள். அன்று இரவு தூக்கமில்லை. தேடிப் பார்த்தால், “கடைசி” என்றும் “கடைசி_2” என்றும் இரண்டு கோப்புகள், நான்தான் தவறானதை ஒட்டியிருந்தேன். ஆய்விதழ் கேட்பதற்கு முன்பே அன்றைய நுண்ணோக்கிக் கோப்புகள் அனைத்தையும் தேதியோடு அனுப்பிவிட்டோம். திருத்தம் வெளியானது. பதிவிட்டவர் “மோசடி” என்று எழுதியிருந்தால் என் வேலை அப்போதே போயிருக்கும். அவர் எழுதியது ஒரே வரி: “இவ்விரண்டும் ஒன்றோடொன்று மேற்பொருந்துகின்றன, ஆசிரியர்கள் விளக்க முடியுமா?”

வால்பாறை

எல்லாரும் “தவறுதலாக ஒட்டிவிட்டோம்” என்றுதானே சொல்வார்கள்?

பழைய துணையாசிரியை

சொல்வார்கள். பெல் ஆய்வகத்தில் இருந்த இயற்பியலாளர் ஷோன் சொன்னதும் அதுதான். வெவ்வேறு சோதனை என்று வெளியான வரைபடங்களில் இரைச்சல் கூட ஒன்றாக இருந்தது. தவறான படத்தை அனுப்பிவிட்டேன் என்றார். பிறகு அதே இரைச்சல் இன்னும் பல இடங்களில் கிடைத்தது. மூலக் கோப்புகள் எங்கே என்றால், கணினியில் இடமில்லை, அழித்துவிட்டேன் என்றார். 2002-இல் விசாரணைக் குழு 24 குற்றச்சாட்டுகளை ஆராய்ந்து 16-இல் முறைகேடு நடந்ததாகச் சொன்னது.

அதனால்தான் ஒரு படத்தோடு நிற்காமல் அதே குழுவின் மற்றக் கட்டுரைகளையும் பார்க்க வேண்டும். ஒரு முறை நேர்ந்தால் கைத்தவறு என்று நம்பலாம். திருப்பி வைத்த படத்துக்கும் பெயர் மாறிய பட்டைக்கும் கைத்தவறு போதாது. எலிசபெத் பிக்கும் நண்பர்களும் 20,621 கட்டுரைகளைக் கண்ணாலேயே பார்த்து 2016-இல் வெளியிட்ட ஆய்விலும் இந்த வேறுபாட்டைக் காத்தார்கள். அப்படியே திரும்ப வந்தவை, இடம் மாற்றியோ திருப்பியோ வந்தவை, உள்ளே கைவைத்தவை என்று மூன்றாகப் பிரித்தார்கள். மொத்தத்தில் 3.8 சதவீதக் கட்டுரைகளில் சிக்கலான படங்கள் இருந்தன.

துறைத் தலைவருக்கு நீங்களே பிரதி அனுப்பியது எனக்கு உடன்பாடில்லை. ஆய்விதழ் முதலில் கட்டுரையாசிரியர்களைக் கேட்கும், பதில் போதாவிட்டால் நிறுவனத்துக்கு எழுதும். ஆய்வகத்துக்குள் புகுந்து கணினியைத் திறக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை, நிறுவனத்துக்குத்தான் உண்டு.

வால்பாறை

அந்த நிறுவனமே மூடி மறைத்தால்?

பழைய துணையாசிரியை

அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. படங்கள் மட்டுமே போதும் என்ற நிலையில் நிறுவனத்துக்குக் காத்திராமல் ஆசிரியர் குழு, கட்டுரையின் மேல் ஐயம் உண்டு என்று வாசகர்களுக்குச் சொல்லும் கவலைக் குறிப்பு வெளியிடலாம். எல்லாரும் அதைச் செய்வதில்லை.

மூன்றாம் ஆசிரியன்

தூசி, உங்கள் கடிதம் என்ன ஆயிற்று?

ஆய்வகத் தூசி

இரண்டு நாளில் “கிடைத்தது” என்று பதில். பிறகு ஐந்து மாதம் மௌனம். கோபப்படாமல், பழைய மின்னஞ்சலுக்கே பதிலாக, “எந்த நிலையில் இருக்கிறது?” என்று ஒரு வரி. இப்படி மூன்று முறை. ஒன்றரை ஆண்டு கழித்துப் பழைய கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மூலப் படங்களைத் தர இயலவில்லை என்று காரணம் போட்டிருந்தார்கள்.

நான் முதலில் பார்த்த கட்டுரைக்குத் திருத்தம்தான் வந்தது. ஐந்தாம் படத்தில் புதிய ஆக்டின் வரிசை, “முடிவுகளில் மாற்றமில்லை” என்ற வாசகத்தோடு. அந்தப் புதிய வரிசையைத் தரவிறக்கி வைத்திருக்கிறேன். ஆறு தடங்கள் இருக்கின்றன. அதற்கு மேலே உள்ள புரதத்துக்கு நான்குதான்.

பழைய துணையாசிரியை

மறுபடியும் எழுதுங்கள். இந்த முறை அரைப் பக்கம் போதும்.