ஆர்எக்ஸ் 100: வளைவில் பின்பக்கம் அலம்புது. வீல் பேரிங்கா, ஸ்விங் ஆர்ம் புஷ்ஷா?

பழைய_யமஹா
வண்டி 1993 மாடல். நேர் ரோட்டில் குறையில்லை. வளைவில் ஆக்சிலேட்டரை விட்டால் பின்பக்கம் ஒரு அடி தள்ளிப்போன மாதிரி இருக்கு, திரும்ப முறுக்கினால் பழைய இடத்துக்கு வருது. பின் வீல் பேரிங் ரெண்டும் புதுசு, டயரும் நல்லா இருக்கு. வீலைப் பிடித்து ஆட்டினால் லேசா 'டொக்'. எங்கே பார்க்கணும்?

ஸ்பேனர்_செட்
ஸ்விங் ஆர்ம் போல்ட் லூஸா இருக்கும். நட்டை நல்லா இறுக்குங்க, ஆட்டம் நின்னுடும்.

லேத்_பட்டறை
நட்டு லூஸா என்று முதலில் பார்க்கச் சொன்னது சரி. ஆனா புஷ் தேய்ந்திருந்தால் இறுக்கி ஒரு பயனும் இல்லை. அந்த நட்டு, உள்ளே இருக்கிற இரும்பு ஸ்லீவை ஃபிரேமோடு சேர்த்து நெருக்குது, அவ்வளவுதான். ஆர்ம் அந்த ஸ்லீவ் மேல் புஷ்ஷில் ஆடுது. தேய்மானம் ஸ்லீவுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில், நட்டு அங்கே எட்டாது.

முறுக்கினா ஒரு பக்கம், விட்டா மறுபக்கம் என்பதே புஷ்ஷைத்தான் காட்டுது. செயின் இடப்பக்கம். முறுக்கும்போது செயின் ஆர்மின் இடக்காலை முன்னால் இழுக்கும், விட்டதும் இழுப்பு போய்விடும். புஷ்ஷில் இடம் இருந்தால் வீலே கொஞ்சம் திரும்பும். ரெண்டு புஷ்ஷுக்கும் இடையே சுமார் ஒரு சாண், வீல் அச்சு ரெண்டு சாண் பின்னால். ஒவ்வொரு புஷ்ஷிலும் அரை மில்லி ஆட்டம் இருந்தால் அச்சில் ரெண்டு மில்லி அலையும்.

சோதிக்க: சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின் வீல் தரையில் படாமல் வையுங்க. ஒருத்தர் வீலை முன்னும் பின்னும் பிடித்து இடம் வலமாக அசைக்கணும். நீங்க ஆர்மும் ஃபிரேமும் சேரும் இடத்தில் விரல் நுனியை ரெண்டிலும் படும்படி வையுங்க. விரலுக்குக் கீழே நகர்ந்தால் புஷ். அங்கே நகராமல் வீல் மட்டும் ஆடினால் பேரிங் அல்லது அச்சு நட்டு.

சந்தேகம் தீரலைன்னா வீலைக் கழற்றி, ரெண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டையும் எடுத்துடுங்க. ஷாக் மாட்டியிருந்தா அதன் இறுக்கம் சின்ன ஆட்டத்தை மறைக்கும். இப்போ ஆர்மின் நுனிகளைப் பிடித்து பக்கவாட்டில் தள்ளிப் பாருங்க. கையில் உணர்கிற ஆட்டம் எதுவும் இருக்கக்கூடாது. பிறகு மேலே தூக்கி விடுங்க, மெதுவாகச் சீராக இறங்கணும். நடுவில் பிடித்தால் ஸ்லீவில் துரு.

ஹீரோஹோண்டா_97
எனக்கும் இதேதான். ஸ்ப்ளெண்டர், 50-ல் கையை விட்டால் ஹேண்டில் ஆடுது. புஷ் மாத்தலாமா?

லேத்_பட்டறை
அது வேற விஷயம். முன்பக்க கோன் செட், டயர் பாருங்க. உங்க வண்டியில் பித்தளை, ஃபைபர் புஷ் கிடையாது, ரப்பர் சைலன்ட் பிளாக். அதில் 'டொக்' கேட்காது, ரப்பர் கிழிந்திருக்கானு பார்க்கணும். மாத்தினா ஒருத்தர் வண்டி மேல் உட்கார்ந்த உயரத்தில் போல்ட்டை இறுக்குங்க. வீல் தொங்கும்போது இறுக்கினா ரப்பர் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

பழைய_யமஹா
விரலுக்கடியில் நகர்ந்தது. கழற்றிட்டேன். கிரீஸே இல்லை, செம்பழுப்புப் பொடிதான். ஸ்லீவை வெர்னியரில் அளந்தேன். தேயாத நடுப்பகுதியைவிட இடப்பக்கம் 0.30 மில்லி குறைவு, வலப்பக்கம் 0.10. புஷ் மட்டும் போட்டால் போதுமா?

லேத்_பட்டறை
போதாது. ஸ்லீவில் நகம் மாட்டும் அளவுக்குப் படி இருக்கும், புதுப் புஷ்ஷை அது சீக்கிரமே தின்னும். செட்டா மாத்துங்க. பழைய புஷ்ஷை உள்ளிருந்து தட்டி எடுக்கலாம். வரலைன்னா ஆக்ஸா பிளேடை உள்ளே விட்டு நீளவாக்கில் ஒரு கீறல், குழாயில் படாமல். புதுசை சுத்தியால் அடிக்காதீங்க, விளிம்பு உடையும். நீள போல்ட், பெரிய வாஷர் வைத்து இழுத்து உட்கார வையுங்க. உட்கார்ந்ததும் துளை கொஞ்சம் சுருங்கும். ஸ்லீவ் கையால் சுழலணும், ஆனா ஆடக்கூடாது. இறுக்கமா இருந்தா ரீமர் போடுங்க, உப்புத்தாள் சுற்றித் தேய்த்தால் துளை கோணலாகும்.

ஸ்பேனர்_செட்
ஃபைபர் வேண்டாம், லேத்தில் பித்தளை கடைந்து போடுங்க. ஆயுசுக்கும் போதும்.

லேத்_பட்டறை
பித்தளைக்கு கிரீஸ் வற்றக்கூடாது, வற்றினால் ஸ்லீவைத் தேய்க்கும். தண்ணீர் தெறிக்கிற இடம் அது. கிரீஸ் நிப்பிள் வைப்பதானால் சரி.

ஸ்பேனர்_செட்
ஃபைபர் மட்டும் கிரீஸ் இல்லாம எத்தனை நாள் ஓடும்? இப்போ அதுதானே தேய்ஞ்சிருக்கு.

பழைய_யமஹா
இப்போதைக்கு ஃபைபர் செட் வாங்கினேன். ஃபிரேம் ஓட்டையில் போல்ட்டை விட்டுப் பார்த்தேன், இடப்பக்கம் லேசா ஆடுது. அதை விடலாமா?

லேத்_பட்டறை
ஓட்டை முட்டை வடிவமா இருக்கா, வட்டமாவே பெரிசா இருக்கா? ரெண்டு திசையிலும் அளந்து சொல்லுங்க. அதுவரை மாட்டாதீங்க.