இரண்டு லிட்டர் கிரைண்டரில் மாதம் எவ்வளவு நிற்கும்?

பாபநாசம் தங்கை:
எல்லாருக்கும் வணக்கம். வயது 29. தை மாதம் என் வீட்டுக்காரர் தவறிவிட்டார். மினி லாரியில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு போவார். பெரியவள் ஒன்றாம் வகுப்பு, சின்னவனுக்கு மூன்று வயது. மாமியார் வீட்டில்தான் இருக்கிறேன், நல்ல மனுஷி, ஆனால் வேலைக்கு வெளியே போவதில் அவருக்கு இஷ்டமில்லை. சின்னவனை விட்டுவிட்டு நானும் போக முடியாது. கையில் முப்பதாயிரம் இருக்கிறது. வீட்டில் இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரும், ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜும் இருக்கின்றன. இட்லி மாவு அரைத்துக் கொடுத்தால் மாதம் ஏழாயிரம் வருமா? இன்னொரு பக்கம், வீட்டிலேயே டைப்பிங் வேலை, முன்பணம் 3,500 என்று போனில் ஒருவர் தினமும் கூப்பிடுகிறார். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வலங்கைமான்:
அந்த 3,500-ஐ முதலில் மறந்துவிடு தங்கச்சி. வேலை கொடுக்கிறவன் நமக்குக் காசு தருவான், நம்மிடம் வாங்க மாட்டான். என் நாத்தனார் இப்படித்தான் பேனா பேக்கிங் வேலைக்குப் பணம் கட்டினாள். சரக்கும் வரவில்லை, அந்த நம்பரும் எடுக்கவில்லை.

கும்பகோணம் மாவு அக்கா:
நானும் உன்னை மாதிரி நின்றவள்தான். இப்போது என் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். மாவில்தான் குடும்பம் ஓடுகிறது. அதனால் கணக்கைப் பச்சையாகவே சொல்கிறேன்.

நாலு கிலோ இட்லி அரிசிக்கு ஒரு கிலோ உளுந்து. எங்கள் பக்கக் கடை விலையில் அரிசி கிலோ 46, உளுந்து 130. அப்படியென்றால் அரிசிக்கு 184, உளுந்துக்கு 130, வெந்தயம், உப்புக்கு 8, கரண்டுக்கு 15, ஆக மொத்தம் 337 ரூபாய். இதிலிருந்து ஏறக்குறைய 12 கிலோ மாவு வரும். அதாவது கிலோவுக்கு அடக்கம் 28 ரூபாய். 40-க்கு விற்றால் கிலோவுக்கு 12 நிற்கும். 12 கிலோவும் விற்றால் 144. அரைக்கிலோ மிஞ்சும், கொஞ்சம் பாத்திரத்தில் ஒட்டும், ஆக நாளைக்கு 120 என்று வை. ஞாயிறு விட்டு 26 நாளுக்கு மூவாயிரத்துச் சொச்சம்.

ஏழாயிரம் வேண்டுமானால் இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அரைக்க வேண்டும். உன் கிரைண்டர் அதைத் தாங்காது. ஒரு தடவைக்கு ஒரு கிலோ அரிசிதான் போடலாம். நாலு கிலோவுக்கே உளுந்தோடு சேர்த்து மூன்று மணி நேரம் ஓடும். ஆரம்பிப்பதற்கு அது போதும். ஓடட்டும், பிடிப்பு வந்த பிறகு சாய்க்கிற மாடல் பெரிய கிரைண்டர் பழையதாகப் பார்த்து வாங்கலாம். முப்பதாயிரத்தை முதல் நாளே கிரைண்டரில் போட்டுவிடாதே.

திருவாரூர் தம்பி:
அக்கா, அரிசிச் செலவைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. ரேஷன் புழுங்கல் அரிசி பாதி, கடை அரிசி பாதி போட்டால் இட்லி நன்றாகவே வரும். எங்கள் வீட்டில் அப்படித்தான் அரைக்கிறோம். கார்டு இல்லாவிட்டாலும், கார்டு இருக்கிறவர்களிடம் கிலோ பத்து ரூபாய்க்குக் கூடக் கிடைக்கும்.

கும்பகோணம் மாவு அக்கா:
தம்பி, வீட்டுச் சாப்பாட்டுக்கு நீ சொல்வது சரி. விற்பதற்கு அதைத் தொட்டால் கடத்தல் கேஸில் போய் நிற்க வேண்டியதுதான். ரேஷன் அரிசியை விலைக்கு வாங்குவதும் குற்றம்தான். இந்தப் பெண்ணுக்கு அந்த வம்பு வேண்டாம்.

ஆடுதுறை விவசாயி:
அரிசிக்கு மில்லில் ஏடிடி 37 கேட்டு வாங்குங்கள். குண்டு அரிசி, இட்லிக்கென்றே இருக்கிற ரகம். உளுந்துக்கு இதுதான் நேரம். சம்பா, தாளடி அறுப்புக்கு முன்னாலேயே வயலில் தெளித்துவிடுகிறோமே, அந்தத் தரிசு உளுந்து பங்குனி, சித்திரையில் களத்துக்கு வந்துவிடும். கருப்பாகவே வாங்கித் தோல் நீக்கினால் எடை குறையும், மில் கூலியும் உண்டு. அதனால் விலையில் பெரிய லாபம் வராது. ஆனால் புது உளுந்து பொங்குகிற மாதிரி கடையில் கிடக்கும் பழைய உளுந்து பொங்காது. வாயில் ஒன்றைப் போட்டுக் கடித்துப் பாருங்கள். டக்கென்று உடைய வேண்டும். பல்லில் அமுங்கினால் ஈரம் இருக்கிறது, வண்டு விழும். அப்படிப்பட்டதை இரண்டு வெயில் காயவைக்காமல் டப்பாவில் போடாதீர்கள்.

மயிலாடுதுறை டெய்லர்:
எனக்குத் தையல்தான் சோறு போட்டது. அதனால் கேட்கிறேன், தையல் தெரியாதா? சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் உள்ள திட்டத்தில் விதவைகளுக்குத் தையல் இயந்திரம் இலவசமாகத் தருகிறார்கள். 20-லிருந்து 40 வயதுக்குள் இருக்க வேண்டும், தையல் பழகிய சான்று வேண்டும். சமூகநலத் துறையில் கேட்கலாம். ஆனால் ஒன்று, தீபாவளி, பொங்கல், ஜூன் மாதம் யூனிஃபார்ம் என்று வேலை குவியும். ஆடியில் மெஷின் மேல் துணி மூடிக் கிடக்கும். மாசா மாசம் ஒரே அளவில் வருமா என்றால் வராது.

பாபநாசம் தங்கை:
தையல் எனக்கு வராது அக்கா, பட்டன் தைப்பேன், அவ்வளவுதான். நேற்று இரண்டு கிலோ அரைத்துப் பக்கத்து வீடுகளுக்குச் சும்மா கொடுத்துப் பார்த்தேன். காலையிலேயே புளித்துவிட்டது என்றார்கள். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் அரைத்தேன்.

கும்பகோணம் மாவு அக்கா:
கிரைண்டர் நின்றதும் மாவுக்குள் கையை விட்டுப் பார்த்தாயா? வெதுவெதுப்பாக இருந்திருக்கும். கல் சுற்றச் சுற்ற மாவு சூடேறும். சித்திரை வெயிலில் அந்தச் சூட்டோடு வைத்தால் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும், விடியும்போது புளிப்புதான். மார்கழியில் அதே மாவுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும்.

உளுந்து ஊறிய தண்ணீரை ஃபிரிட்ஜில் வை. அரைக்கும்போது அந்தக் குளிர்ந்த தண்ணீரையே கை கையாகத் தெளி. ஒரேயடியாக ஊற்றாதே. உளுந்து அரைபட்டதா என்று பார்க்க, ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு போடு. மிதந்தால் எடுத்துவிடலாம். மூழ்கினால் இன்னும் ஓட வேண்டும். இரண்டு தடவைக்கு நடுவில் கிரைண்டருக்குக் கால்மணி நேரம் ஓய்வு கொடு, மோட்டாரும் பிழைக்கும். அரிசி மாவோடு கலந்த உடனே ஃபிரிட்ஜில் ஏற்று. அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் பாதி உயரத்துக்கு வைத்தால் நடுப்பகுதியும் சீக்கிரம் குளிரும். குடத்தில் நிரப்பி வைத்தால் நடுவில் சூடு அப்படியே நின்று அங்கேயே பொங்க ஆரம்பிக்கும்.

இன்னொன்று, படியால் அளந்து விற்காதே, தராசு வை. பொங்கிய மாவில் ஒரு லிட்டர் பார்க்க நிறைய இருக்கும், எடை இருக்காது. வாங்குகிறவர் இரண்டாம் தடவை கண்டுபிடித்துவிடுவார். தராசுக்கு முத்திரை போட்டுக்கொள்.

வலங்கைமான்:
வீட்டில் விற்க லைசென்ஸ் எல்லாம் வேண்டாம் என்று எங்கள் தெருவில் சொல்கிறார்கள். அப்படியா?

நீடாமங்கலம் டீச்சர்:
வேண்டும். சின்ன அளவில் செய்கிறவர்களுக்கு உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு போதும். என் தங்கை எடுத்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். foscos.fssai.gov.in-இல் நாமே பதியலாம், இல்லாவிட்டால் இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள். தூக்குப் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுக்கும்வரை யாரும் கேட்காமல் இருக்கலாம். கவரில் அடைத்துக் கடைக்குப் போட்டால் பதிவு எண், தேதி, எடை மூன்றும் அதன் மேல் இருக்க வேண்டும்.

மாவை விட முக்கியமாக ஒன்று. உன் கணவரின் பாங்க் பாஸ்புக்கை எடுத்து மே, ஜூன் மாத வரிகளைப் பார். 436 ரூபாய் கழிந்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் வாரிசுதாரருக்கு இரண்டு லட்சம். கணக்கு திறந்தபோது கையெழுத்து வாங்கியிருப்பார்கள், வீட்டில் யாருக்கும் தெரியாது. இறப்புச் சான்றோடு அதே கிளைக்குப் போ, தள்ளிப்போடாதே.

அங்கன்வாடி, ஒரத்தநாடு:
குழந்தைகளுக்கும் ஒன்று இருக்கிறது. மிஷன் வத்சல்யா நிதி ஆதரவு, தந்தையை இழந்த குழந்தைக்கு மாதம் 4,000. கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும்.

வலங்கைமான்:
என் அக்கா மகளுக்கு மனு போட்டு ஒரு வருஷம் ஆகப் போகிறது. நேரில் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள், அதோடு சரி.

அங்கன்வாடி, ஒரத்தநாடு:
நிதி வருகிறபடிதான் கொடுக்கிறார்கள், எல்லாருக்கும் வருவதில்லை. ஆனால் எங்கள் மையத்தில் இரண்டு பிள்ளைகள் வாங்குகிறார்கள். அந்தப் பணத்தை நம்பி மாசக் கணக்குப் போடாதே, மனு மட்டும் போட்டு வை.

தஞ்சாவூர் மாமா:
இட்லிக்கடை போடுவதென்றால் பஸ் ஸ்டாண்டு பக்கம்தான் ஓடும். சாம்பாருக்கு நல்ல கை வேண்டும். எனக்குத் தெரிந்த இடம் ஒன்று வாடகைக்கு இருக்கிறது, சொல்லட்டுமா?

கும்பகோணம் மாவு அக்கா:
மாமா, அவள் கடை கேட்கவில்லை, வீட்டில் மாவு அரைக்கக் கேட்கிறாள்.

தங்கச்சி, யாரும் உன்னிடம் நேராகச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன். முதல் போணி, வெள்ளிக்கிழமை என்று சொல்லிச் சிலர் உன் வாசலுக்கு வர மாட்டார்கள். என் தெருவில் இரண்டு வீடு இன்றைக்கும் வருவதில்லை. எனக்கு அவர்களைக் கணக்கில் சேர்க்கிற பழக்கமே போய்விட்டது. வேலைக்குப் போகிற டீச்சர், நர்ஸ், பாங்க்காரர்கள் இருக்கிற வீடாகப் பார்த்துச் சொல்லி வை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர்களுக்கு மாவு கிடைத்தால் போதும், வேறெதையும் கேட்க மாட்டார்கள்.

பாபநாசம் தங்கை:
பாஸ்புக்கில் 436 இருக்கிறது டீச்சர். நாளைக்குக் கிளைக்குப் போகிறேன், மாமியாரும் கூட வருகிறார். குளிர்ந்த தண்ணீர் தெளித்து அரைத்ததில் நேற்று யாரும் புளிப்பு சொல்லவில்லை. பதினோரு வீடு வாடிக்கை சேர்ந்திருக்கிறது. இப்போது மெயின் ரோட்டு மளிகைக் கடைக்காரர் தினம் பத்து கிலோ பாக்கெட் கேட்கிறார். அவர் 40-க்கு விற்பாராம், எனக்கு 35. விற்காததைத் திருப்பித் தருவாராம். ஒத்துக்கொள்ளலாமா?

கும்பகோணம் மாவு அக்கா:
பத்துக்கும் சேர்த்து அவர் தருவது 350. அடக்கம் 280, கவருக்கு 15. மிச்சம் 55. இரண்டு பாக்கெட் திரும்பினால் 70 போய்விடும், அன்றைக்கு உனக்குக் கைநஷ்டம் 15 ரூபாய். கவர் உப்பிக்கொண்டு வருகிற மாவை மறுபடி யாருக்கும் விற்க முடியாது. திரும்பும் சரக்கு அவர் பொறுப்பு என்றால் போடு. இல்லாவிட்டால் வேண்டாம்.

மயிலாடுதுறை டெய்லர்:
நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கடையில் பாக்கெட் இருந்தால்தான் நாலு பேருக்கு இவள் மாவு தெரியும். ஐந்து பாக்கெட்டோடு ஆரம்பிக்கட்டும். அவர் ஃபிரிட்ஜில் வைக்கிறாரா, வெளியில் மேசை மேல் வைக்கிறாரா என்று முதலில் போய்ப் பார்க்கட்டும்.

பாபநாசம் தங்கை:
வெளியில்தான் வைக்கிறார் அக்கா. பால் பாக்கெட்டுக்கு மட்டும்தான் ஃபிரிட்ஜாம். கேட்டுப் பார்க்கிறேன்.